நினைவின் வரிசையும் உரையின் வரிசையும்

தமிழ்நாட்டு அரசுப் பணியாளர், அறுபது அகவை நிறையும் மாதத்தின் கடைசி நாள் மாலையில் பணியிலிருந்து விடுபடுகிறார். 2020 வரை ஐம்பத்தெட்டாக இருந்த வரம்பு அவ்வாண்டு ஐம்பத்தொன்பதாகவும், மறு ஆண்டு அறுபதாகவும் உயர்ந்தது. ஆகையால் பணி நிறைவுப் பாராட்டு விழாக்கள் மாதக் கடைசியில்தான் கூடும். மே, ஜூன் மாதங்களில் அவை திரண்டு வரும். பள்ளியில் சேர வந்த குழந்தைக்கு ஆசிரியரே கணக்கிட்டு எழுதிய பிறந்தநாள்தான் அந்தத் தலைமுறையினர் பலரின் பதிவேட்டில் நிற்கிறது. சேர்க்கை மாதங்களை ஒட்டியே ஆசிரியர்கள் அதை எழுதினர்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் உடன் பணிபுரிந்த ஒருவரிடம், “நீங்க நாலு வார்த்தை பேசிருங்க” என்பார்கள். அவர் அன்றிரவு தாளும் எழுதுகோலுமாக அமர்வார். நினைவுகள் வரும், ஆனால் அவை வரும் வரிசை வேறு, அவையோர் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளும் வரிசை வேறு. முன்னதை அப்படியே எழுதிக்கொண்டு மேடையேறுவதே பெரும்பாலான பிரியாவிடை உரைகள் தளர்வதற்குக் காரணம். இவ்விரு வரிசைகளையும் பற்றி உளவியல் ஆய்வு நூறாண்டுக்கும் மேலாகப் பலவற்றைக் கண்டறிந்துள்ளது. அவற்றுள் சிலவற்றைக் கொண்டு ஓர் உரையைக் கட்டிப் பார்ப்போம்.

களம் நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டி வட்டாரமாக இருக்கட்டும். கொல்லிமலை தெரிய, நிலக்கடலையும் சின்ன வெங்காயமும் விளையும் சமவெளி. ஊருக்கு ஊர் கோழிப்பண்ணை. அங்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில் 1993இல் சேர்ந்து 2025இல் ஓய்வு பெறும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரைக் கருதிக்கொள்வோம். ஊரார்க்கு அவர் நர்சம்மா. உடன் பணிபுரிவோர்க்கு அக்கா. உரையாற்றவேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர், அக்காவினும் இருபது அகவை இளையவர். இருவரும் எடுத்துக்காட்டுக்காகப் புனைந்துகொண்டவர்களே. ஆனால் அந்தப் பணிக்காலத்தின் சட்டகம் மெய்யானது. 1995இல் நாடெங்கும் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களை அக்காலத்துச் செவிலியர் ஒவ்வொருவரும் தோளில் சுமந்தனர். 2011க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ நோய் தோன்றவில்லை. 2014இல் நாடு அந்நோயற்றதெனச் சான்று பெற்றது. 108 அவசர ஊர்தி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல்தான். அதற்கு முன் பேறுகாலத் தாயர் எவ்வண்டி கிடைத்ததோ அதில் ஏறிச் சென்றனர்.

முதல் வேலை நினைவுகளைத் திரட்டுவது. இங்கேயே ஒரு பிழை நேர்கிறது. தேநீர் வேளையில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, “அக்காவைப் பத்தி என்னென்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க” என்று கேட்பது இயல்பாகத் தோன்றும். ஒருவர் நினைவு மற்றவர் நினைவைத் தூண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வெல்டன், பெல்லிங்கர் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் இதைச் சோதித்தனர். ஒரே செய்தியைக் கற்ற மூவரை ஒன்றாக அமர்த்தி நினைவுகூரச் செய்தனர். வேறு மூவரைத் தனித்தனியே எழுதச் செய்து, மீண்டும் வந்தவற்றை நீக்கி ஒன்றாகச் சேர்த்தனர். கூடி அமர்ந்தவர்கள் தந்தது குறைவாகவே இருந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் இதை உறுதிசெய்தன. இதனைக் கூட்டு நினைவுத் தடை எனலாம். ஒவ்வொருவரும் தம் நினைவைத் தேடிச் செல்லத் தமக்கென ஒரு வழி வைத்திருக்கிறார். பிறர் குரல் இடையே புகும்போது அந்த வழி அறுபடுகிறது என்பது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். முதலில் வாய்திறந்தவர் சொன்ன நிகழ்ச்சியைச் சுற்றியே எல்லாரும் பேசுவதை நாமும் கண்டிருக்கிறோம்.

எனவே மருந்தாளுநர் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ஆளுக்கு ஒரு தாளில், மற்றவர் எழுதியதைக் காட்டாமல் எழுதி வாங்கலாம். எழுதத் தயங்குவோரிடம் தொலைபேசியில் கேட்டுத் தாமே குறித்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்த பின் ஒருமுறை கூடிப் பேசுவதில் தவறில்லை. அப்போது விடுபட்டவை சில கூடுதலாகக் கிடைக்கும்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். “அக்கா எப்படிப்பட்டவங்க?” என்றால் விடை பண்புப் பெயர்களாகவே வரும்: பொறுமைசாலி, கடமை தவறாதவர், அன்பானவர். இவை எந்த ஊரில் எந்த விழாவிலும் பொருந்தும். “அக்கா செஞ்சு நீங்க கண்ணால பாத்தது ஒண்ணு சொல்லுங்க, எங்க, எப்போ, கூட யார் இருந்தாங்க?” என்று கேட்டால் நிகழ்ச்சி வரும். அந்த நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே நின்று கேட்பது இன்னும் நல்லது. 1975இல் காடன், பாட்லி என்போர் மூழ்குநர்களை நீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல் கற்கச் செய்தனர். கற்ற சூழலிலேயே நினைவுகூர்ந்தவர்க்குக் கூடுதலாக நினைவு வந்தது. அண்மையில் அதே சோதனையை மீண்டும் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அக்காவின் பழைய தடுப்பூசிக் குளிர்பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்பதற்குச் செலவொன்றும் இல்லை. தோள்வார் அறுந்து, முடிச்சிட்டுக் கட்டிய அந்தப் பெட்டி எத்தனையோ புதன்கிழமைகளை நினைவூட்டும்; இங்கே தடுப்பூசி நாள் புதன்கிழமை அல்லவா.

மருந்தாளுநர் கையில் இப்போது ஏறக்குறைய இருபது துண்டுகள் இருக்கின்றன என்போம். அவற்றைக் காலவரிசையில் மேசைமேல் பரப்பினால் ஒரு பள்ளம் தெரியும். அக்காவே சொன்னவை பெரும்பாலும் 1993 முதல் 2000 வரையிலானவை. அகவை முதிர்ந்தோரின் நினைவுகளில், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட அகவைக்கு உரியவை மிகுந்து திரண்டிருக்கும் என்று ரூபின் முதலானோர் 1986இல் காட்டினர். புதிய ஊர், முதல் ஊதியம், முதல் பேறுகாலம் என எல்லாம் முதல்முறையாக நேர்ந்த பருவம் அது. உடன் பணிபுரியும் இளையோர் எழுதியவையோ பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகானவை. இடையே 2001 முதல் 2018 வரை ஏறத்தாழ வெறுமை. ஒருவர் தம் தொழிலில் முழுத்திறனோடு உழைத்தது அந்தக் காலத்தில்தான். உரையிலிருந்து வழுக்கிப்போவதும் அதுவே. அதை நிரப்ப விழாவுக்கு வராதவர்களை நாடவேண்டும்: ஏற்கெனவே ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், அங்கன்வாடிப் பணியாளர், அப்போது குழந்தை பெற்றுக்கொண்ட தாய்மார்.

அவ்வாறு கேட்டதில் ஒரு நிகழ்ச்சி இருவரிடமிருந்து வருகிறது. மழைக்கால இரவு. பேறுகால வலி கண்ட பெண்ணுக்கு இரத்தப்போக்கு மிகுந்தது. வாடகைக் கார் வரவில்லை. பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை அக்கா நிறுத்தி, அட்டிகளை இறக்கச் செய்து, அந்தப் பெண்ணை நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். ஒருவர் இது 2002 என்கிறார். மற்றவர் 2006 என்கிறார். ஒருவர் கதையில் பண்ணைக்காரர் மறுக்கிறார். மற்றவர் கதையில் அவரே வண்டியோட்டுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது வைத்ததை அப்படியே எடுப்பதன்று, எடுக்கும்போதெல்லாம் திரும்பக் கட்டுவது என்று பார்ட்லெட் 1932இலேயே விளக்கினார். அறிமுகமற்ற செவ்விந்தியக் கதையொன்றைப் படித்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள், நாள் செல்லச் செல்ல அதைத் தம் உலகுக்குப் பழகிய கதையாக மாற்றிச் சொன்னார்கள். பிரியாவிடை உரைக்கு இதனால் ஓர் இடர் உண்டு. அந்த நிகழ்ச்சியின் நாயகியே முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருப்பார். தவறாகச் சொன்னால் அவர் திருத்தவும் முடியாது, மகிழவும் முடியாது. பேறுகாலப் பதிவேட்டைப் புரட்டினால் ஆண்டு தெளிவாகும். பண்ணைக்காரர் பற்றிய முரண்பாடு தீராவிட்டால் இருவரும் ஒத்துச் சொன்ன பகுதியை மட்டும் உரைக்கு எடுத்துக்கொள்ளலாம். சுகாதாரத் துறைக்கே உரிய இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அந்தத் தாயின் பெயரோ தெருவோ மேடையில் ஒலிக்கலாகாது. அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டாலன்றி அவர் “ஒரு தாய்” மட்டுமே.

இனித் தேர்வு. ஏழு நிமிட உரையில் இரண்டு கதைகளுக்குத்தான் இடம். மேடையில் நிதானமாகப் பேசுவோர் நிமிடத்துக்கு நூறு சொற்களை ஒட்டிப் பேசுவர். தமிழ்ச் சொல் நீளமானது, ஆகவே தம் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கில் எழுநூறு சொற்கள். இருபது துண்டுகளில் இரண்டை எடுக்க ஒரே ஓர் அளவுகோல் போதும்: அங்கே அக்கா ஒரு முடிவு எடுத்தாரா? அவர் வேறு விதமாகவும் செய்திருக்கக்கூடிய தருணம் அதில் இருக்கவேண்டும். “முப்பது ஆண்டும் நேரம் தவறாமல் வந்தார்” என்பது பாராட்டு. அதில் தருணம் இல்லை. முட்டை வண்டியில் இருக்கிறது.

கதையாகச் சொல்வதால் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்கு 1969ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று விடை தரும். பவர், கிளார்க் என்போர் மாணவர்க்குப் பத்துப் பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்கள் தந்தனர். ஒரு சாரார் ஒவ்வொரு பட்டியலையும் கோத்து ஒரு சிறுகதை ஆக்கிக்கொண்டனர்; மறு சாரார் வெறுமனே படித்தனர். எல்லாப் பட்டியல்களும் முடிந்தபின் கேட்டபோது கதை ஆக்கியவர் பத்தில் ஒன்பதுக்கு மேல் சொன்னார்கள். மற்றவரால் ஏழில் ஒரு பங்குகூடச் சொல்ல முடியவில்லை. மேடையில் அடுக்கும் பண்புப் பெயர்களும் ஒருவகைப் பட்டியல்தான்.

ஆனால் எதைச் சொன்னாலும் கதையாகிவிடாது. லபோவ், வாலெட்ஸ்கி என்னும் மொழியியலாளர்கள் 1967இல் பொதுமக்கள் தம் பட்டறிவை வாய்மொழியாகச் சொல்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். முழுமையான கதையில் இடம், காலம், ஆள் பற்றிய அறிமுகம் வரும், பின் ஒரு சிக்கல் எழும், சிக்கலின் உச்சியில் சொல்பவர் சற்று நின்று, இது ஏன் சொல்லத் தக்கது என்பதை உணர்த்துவார், அதன்பின் தீர்வு, கடைசியில் கேட்போரை நிகழ்காலத்துக்குக் கொண்டுவரும் ஒரு சொல். இவற்றுள் நம் மேடைகளில் அடிக்கடி விடுபடுவது நடுவில் வரும் அந்த நிற்றல். “அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, நல்லபடியா முடிஞ்சுது” என்று ஓடிவிடுவார்கள். கேட்டவர் கைதட்டுவார்கள், ஆனால் எதற்கென்று மறுநாள் நினைவிருக்காது.

முட்டை வண்டிக் கதை இவ்வாறு அமையலாம்: “2004ஆம் வருஷம் ஐப்பசி மாசம். 108 இன்னும் வரலை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தாய்க்கு வலி, ரத்தம் நிக்கலை. கார்க்காரர் மழைக்குப் பயந்து வரலைன்னுட்டாரு. எதிர்ப் பண்ணையில முட்டை வண்டி பாதி ஏத்தி நிக்குது. இங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தாயை வண்டியில ஏத்தி, வழியில ஏதாவது ஆச்சுன்னா, ஏன் ஏத்தினேன்னு கேக்கறது அக்காவைத்தான். ஏத்தாம விட்டிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. அக்கா அட்டியை இறக்குங்கன்னாங்க. தாயும் பிள்ளையும் பொழைச்சாங்க. அந்தப் பிள்ளைக்கு இப்ப இருபத்தோரு வயசு.” நடுவில் உள்ள மூன்று தொடர்களே கதையின் உயிர்நிலை. அவற்றை நீக்கிப் படித்தால் எஞ்சுவது வண்டிச் செய்தி.

இரண்டாம் கதை வேறு நிறத்தில் இருக்கவேண்டும். முன்னது இடரும் இருளுமாக இருந்ததால் இது சிரிப்பாக இருக்கலாம்: சொட்டு மருந்துக்குப் பயந்து வெங்காயப் பட்டறைக்குப் பின் ஒளிந்த பேரனையும், பேரனை ஒளித்து வைத்த பாட்டியையும் அக்கா மூன்று முறை தேடிச்சென்றது போன்ற ஒன்று. நகைச்சுவையின் சுமை யார்மேல் விழுகிறது என்று பார்க்கவேண்டும். பாட்டி அவையில் இருந்தால் அவரும் சிரிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

இப்போது தொடக்கம். ஒரு பட்டியலைக் கேட்டவர் அதன் முதலையும் கடைசியையும் நன்கு நினைவில் வைப்பர், நடுவை நழுவவிடுவர் என்பது மர்டாக் 1962இல் அளந்து காட்டிய உண்மை. அந்த மதிப்புமிக்க முதல் நிமிடத்தை நாம் எதற்குச் செலவிடுகிறோம்? தலைவர், முன்னிலை, வட்டார மருத்துவ அலுவலர், பேரூராட்சி உறுப்பினர், ஊர்ப் பெரியவர்கள் என்று விளித்தே தீர்த்துவிடுகிறோம். விளியை விட்டுவிட முடியாது. விட்டால் வருத்தம் நேரும். ஆயினும் தமக்கு முன் மூவர் விளித்து முடித்திருப்பர். “தலைவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம்” என்பது நான்காமவர்க்குப் போதும். அடுத்த தொடரே ஒரு பொருளையோ செயலையோ அவையின் முன் வைக்கவேண்டும். “இந்தக் குளிர்பெட்டியோட வாரை நாலு தடவை முடிச்சுப் போட்டிருக்காங்க அக்கா” என்று பெட்டியைத் தூக்கிக் காட்டித் தொடங்கலாம். “பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி”, “எனக்குப் பேச்சு வராது” என்பவை பேசுபவரைப் பற்றிய செய்திகள். அன்று அவையோர் கேட்க வந்தது அவரைப் பற்றியன்று.

நன்றி கதைகளுக்குப் பின்னே வருவதற்குக் காரணம் உண்டு. எதற்கு நன்றி என்பது அவைக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். குமார், எப்லி என்போர் 2018இல் நன்றிக் கடிதம் எழுதியோரையும் பெற்றோரையும் ஒப்பிட்டனர். எழுதியோர், தம் சொல்லில் திறமை போதாதோ, பெறுபவர் கூச்சப்படுவாரோ என்று மிகுதியாக அஞ்சினர். பெற்றவரோ சொல்லின் திறத்தைவிட அதிலிருந்த அன்பையே பெரிதாகக் கண்டு, எழுதியோர் எண்ணியதைவிட மிகுதியாக மகிழ்ந்தனர். அலங்காரச் சொல் தேடி அலையவேண்டாம் என்பதற்கு இதுவே போதிய சான்று. “எனக்கு மருந்துக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான்க்கா, முதல் மாசம் நான் தப்பா எழுதினதை டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டுத் திருத்தினீங்க” என்று செய்ததைச் சொன்னால் நன்றி நிறைவெய்தும். இரவில் வண்டியோட்டிச் சென்று விட்டுவந்த கணவர்க்கும், அம்மா இல்லாத புதன்கிழமைகளில் தாமே தலைசீவிப் பள்ளி சென்ற பிள்ளைகளுக்கும் இவ்விடத்தில் ஒவ்வொரு தொடர் உண்டு. பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டா. பதினைந்து பெயர் சொன்னால் விடுபட்ட பதினாறாமவர்தான் அதைக் கூர்ந்து கேட்டவராக இருப்பார்.

நிறைவு வாழ்த்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். கானமன் குழுவினர் 1993இல் செய்த தண்ணீர்ச் சோதனை பலர் அறிந்தது. 14 பாகைக் குளிர்நீரில் அறுபது நொடி கைவைத்தல் ஒன்று. அதே அறுபது நொடியுடன், நீர் மெல்ல 15 பாகைக்கு வெதுவெதுப்பாகும் முப்பது நொடி கூடுதலாகக் கைவைத்தல் மற்றொன்று. எதை மீண்டும் ஏற்பீர் என்றால் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தனர். முடிவு சற்று இதமாக இருந்ததால் முழுவதையும் நன்றென மதிப்பிட்டனர். நொடி எண்ணிக்கை அவர்கள் தீர்ப்பில் புகவே இல்லை. உரையின் நீளத்தை நீட்டி மரியாதை காட்ட நினைப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம். இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. பட்டியல் முடிந்ததும் முப்பது நொடி வேறு வேலை கொடுத்தால் கடைசிச் சொற்களுக்கு இருந்த நினைவுச் சிறப்பு மறைந்துவிடுகிறது என்று 1966இல் கிளான்சர், கியூனிட்ஸ் காட்டினர். வாழ்த்திவிட்டு, “ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்” என்று திரும்ப ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் செய்வது இதுதான். உணவு ஏற்பாட்டைப் பற்றிய அறிவிப்பையும் அவரிடம் ஒப்படைக்கலாகாது. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களுள் சென்றுதேய்ந்து இறுதலை எண்ணினார். மேடைக்கு அது இன்னும் பொருந்தும்.

வாழ்த்து அவையை நோக்கியன்றி, விடைபெறுபவரை நேரே நோக்கி, ஒரே பொருளைச் சொல்லவேண்டும். “நீண்ட ஆயுளும் நிறை செல்வமும்” என்பதை முன்னே பேசிய அனைவரும் சொல்லியிருப்பர். “அக்கா, முப்பத்திரண்டு வருஷமா புதன்கிழமையெல்லாம் எங்களுக்குக் கொடுத்தீங்க. வர்ற புதன்கிழமை காலையில பேத்தியைக் கூட்டிக்கிட்டு கொல்லிமலைக்குப் போயிட்டு வாங்க” என்பது இரண்டு தொடர்; அதன்பின் வணக்கம் சொல்லி அமர்ந்துவிடலாம்.

எழுதி முடித்தபின் வாய்விட்டு இருமுறை படித்துப் பார்க்கவேண்டும். குரல் எங்கே தழுதழுக்கிறது என்பது அப்போது தெரியும். அவ்விடத்தில் தாளில் ஒரு கோடிட்டு, அங்கே நின்று மூச்சுவிட்டுத் தொடரலாம். முழு உரையையும் தாளில் பார்த்துப் படிக்கவேண்டியதில்லை. தொடக்கத் தொடர், கதைக்கு நான்கு சொற்கள், நன்றிக்குரியோர், நிறைவுத் தொடர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும். தொடக்கமும் நிறைவும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக இருக்கவேண்டும். நம் விழாக்கள் நேரத்துக்குத் தொடங்குவதில்லை. ஏழு நிமிடம் என்றது மேடையேறும்போது மூன்றாகிவிடும். அப்போது பாட்டி கதையை முழுவதும் விட்டுவிட்டு, முட்டை வண்டியையும் ஒரு நன்றியையும் வாழ்த்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் பாதியாகச் சுருக்கி எல்லாவற்றையும் சொல்ல முயல்வது கூடாது. முதலில் சுருங்கி மறைவது கதை நடுவில் இருக்கும் அந்த மூன்று தொடர்களாகவே இருக்கும்.